வரலாற்றுக் கட்டுரை, ஆய்வகப் பதிவேடு, கணித நிரூபணம்: சொந்த உழைப்பை எங்கே தேடுவது?

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் கணிதம் கற்பிக்கிறேன். மாணவர்கள் கொடுக்கும் ஒப்படைவுகளில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதிய பகுதிகள் பெருகிவிட்டன என்ற புகார் வந்தபோது, எங்கள் கல்லூரியிலும் ஓர் உள் குழு அமைத்தார்கள். அதில் என்னையும் போட்டார்கள். குழுவின் கையில் முதலில் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு விதி: ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் விசாரணை. வரலாறு, இயற்பியல், கணிதம் ஆகிய எல்லாத் துறைகளுக்கும் அதே பத்துதான்.

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில், பத்து சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை அடுத்த நிலை, அதற்கும் மேல் மூன்றாம் நிலை என்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த விதிமுறைகள் ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் உரியவை. ஒப்படைவு, பருவக் கட்டுரை, விடைத்தாள் போன்றவற்றை அவை வெளிப்படையாகவே விலக்குகின்றன. மேலும், பொதுவான கலைச்சொற்கள், விதிகள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அங்கே எழுதியிருக்கிறது. ஒரு கணித நிரூபணத்திலிருந்து இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் ‘ஆகவே’, ‘எனவே’ தவிர வேறென்ன மிஞ்சும் என்று நான் கேட்டேன். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் சிரித்தார். இயற்பியல் துறையிலிருந்து வந்திருந்த மேடம் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவருடைய பதிவேடுகளிலும் நிலைமை ஏறத்தாழ அதுதான்.

எங்கள் பிள்ளைகள் இன்னும் கையால்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே சந்தேகத்துக்கு உள்ளான தாள்களை அலுவலகத்தில் தட்டச்சு செய்து மென்பொருளில் போட்டார்கள். கணித நிரூபணத்துக்கு மிக அதிகமான ஒப்புமை வந்தது, ஆய்வகப் பதிவேட்டுக்கு அதற்கு அடுத்தபடி, வரலாற்றுக் கட்டுரைக்கு மிகக் குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் கணித மாணவன்தான் பெரிய குற்றவாளி, வரலாற்று மாணவன் உத்தமன். உள்ளபடி பார்த்தால், செயலி எழுதித் தந்த கட்டுரை எந்த நூலிலிருந்தும் வரிக்கு வரி எடுக்கப்பட்டதல்ல. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்கப்படுவது. ஒப்புமை காட்டும் மென்பொருளுக்கு அது சொந்த எழுத்தாகவே தெரியும். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் வேறு வகைக் கருவிகளை வைத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இந்த வேலைக்கென வெளியிட்ட தன் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட ஒரு கருவியின் எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைப்பது முறையல்ல என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

அதன் பிறகுதான் உருப்படியான பேச்சு தொடங்கியது. ஒவ்வொரு துறையும் மாணவனிடம் எதைச் ‘சொந்தம்’ என்று எதிர்பார்க்கிறது, எதைப் பொதுச் சொத்தாக விட்டுவிடுகிறது?

இயற்பியல் பதிவேட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. இரண்டு மாணவிகளின் பதிவேடுகள். இரண்டிலும் நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு, செய்முறை ஆகிய பகுதிகள் அநேகமாக ஒரே மாதிரி இருந்தன. இதில் தவறு எதுவும் இல்லை. செய்முறையை ஒவ்வொருவரும் புதுச் சொற்களில் எழுத வேண்டும் என்று எந்த இயற்பியல் ஆசிரியரும் கேட்பதில்லை. ஒரே சொற்களில் எழுதினால்தான் அடுத்தவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியும். அந்தப் பக்கத்தைச் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினாலும் செயலியிடம் வாங்கி எழுதினாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை என்று மேடம் சொன்னபோது எனக்கு முதலில் வியப்பாகத்தான் இருந்தது. சொந்தமாக இருக்க வேண்டியது அளவீடு. அது கற்பனையாக இருந்தால், மற்ற பக்கங்கள் எவ்வளவு சொந்த நடையில் இருந்தாலும் அது பொய்க் கணக்கு.

முதல் மாணவியின் அட்டவணையில், ஊசலின் நீளம் 100 செ.மீ. இருக்கும்போது 20 அலைவுகளுக்கான நேரம் 40.13, 40.11, 40.15 வினாடி என்று இருந்தது. நான்கு நீளங்களுக்கும் கண்ட முடுக்கத்தின் மதிப்புகள் 9.79-க்கும் 9.81-க்கும் இடையில் அடங்கிவிட்டன. அழகான முடிவு. இரண்டாம் மாணவியின் மதிப்புகளோ 40 செ.மீ.க்கு 9.44, 60 செ.மீ.க்கு 9.53, 80 செ.மீ.க்கு 9.60, 100 செ.மீ.க்கு 9.64 என்று ஏறிக்கொண்டே போயின; எதுவும் பாடநூல் மதிப்பைத் தொடவில்லை. அந்தப் பெண் சோதனையே தப்பாகிவிட்டது என்று பயந்துபோயிருந்தாள். மென்பொருள் அதிகம் சந்தேகப்பட்டதும் இவளுடைய பதிவேட்டைத்தான், ஏனென்றால் செய்முறைப் பகுதியை வரி மாறாமல் எழுதியிருந்தாள்.

இரண்டு அட்டவணைகளையும் பார்த்த ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி ஒரு வார்த்தைதான் சொன்னார்: “நம்ம வாட்ச்ல புள்ளிக்குப் பொறவு ஒத்தப்படை வராதே மேடம்.” அந்த ஆய்வகத்தில் இருப்பவை சாவி கொடுத்து ஓட்டும் பழைய நிறுத்துக் கடிகாரங்கள், வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் மீச்சிற்றளவு. ஆகவே நேரடி அளவீடு 40.2, 40.4, 40.6 என்றுதான் வர முடியும், 40.13 என்று அந்த முள் காட்டவே காட்டாது. இரண்டாம் மாணவியின் அளவீடுகள் 40.4, 40.6, 40.4 என்று இருந்தன.

கடிகாரம் ஒரு சாட்சிதான். அளவீடுகளின் சிதறல் இன்னொரு சாட்சி. விரலால் அழுத்தி ஓட்டும் கடிகாரத்தில் 40 வினாடிக்கு 0.2 வினாடி முன்பின்னாவது இயல்பு. அலைவு நேரம் வாய்பாட்டில் இருமடியாக வருவதால், அரை சதவீதப் பிழை முடுக்கத்தில் ஒரு சதவீதமாகப் பெருகும்; அதாவது 9.8-இல் 0.1 அளவுக்கு ஏறி இறங்கலாம். குறைந்த நீளங்களில், மொத்த நேரமும் குறைவு என்பதால், சிதறல் இன்னும் கூடும். அப்படியிருக்க நான்கு நீளங்களிலும் மதிப்புகள் 0.02-க்குள் ஒட்டி நிற்பது கை அளவீட்டின் இயல்பல்ல. இதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம்முடைய அட்சரேகையில் முடுக்கத்தின் உண்மை மதிப்பு 9.78-ஐ ஒட்டியது, 9.81 என்பது ஐரோப்பாவின் நடு அட்சரேகைகளுக்குப் பொருந்துவது. அதனால் திருநெல்வேலியில் 9.81 எழுதியவள் கற்பனை செய்திருக்கிறாள் என்று குதித்துவிடக் கூடாது, ஏனென்றால் இந்தச் சோதனையின் பிழை வரம்பு அந்த வேறுபாட்டைவிடப் பெரியது. ஒரு தனி மதிப்பு எதையும் நிரூபிக்காது. மதிப்புகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவுதான் பேசும்.

அந்த உறவு இரண்டாம் மாணவியின் அட்டவணையில் இருந்தது. நீளம் குறையக் குறைய மதிப்பும் குறைகிறது என்றால், எல்லா நீளங்களிலும் ஒரே அளவு சென்டிமீட்டர் விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். அவள் நூல் முடியும் இடம் வரை மட்டும் அளந்திருக்கிறாள். குண்டின் ஆரம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். 40 செ.மீ.யில் ஒன்றரை விடுபட்டால் பாதிப்பு பெரிது, நூறில் சிறிது. மேடம் அவளை உட்காரவைத்து, நீளத்தைக் கிடைமட்ட அச்சிலும் அலைவு நேரத்தின் இருமடியை நிலைக்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் போடச் சொன்னார். நேர்கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை; அதற்கு இடப்பக்கம், ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி அச்சை வெட்டியது. ஆனால் கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டபோது முடுக்கம் 9.78 என்று வந்தது, ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நகரும்போது சாய்வு மாறுவதில்லை. விடுபட்ட அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் அவள் ஆய்வக மேசையில் நின்று ஊசலை ஆட்டினாள் என்பதற்கு அத்தாட்சி. செயலியிடம் ‘தனி ஊசலுக்கு மாதிரி அளவீடு கொடு’ என்று கேட்டால், சரியான மதிப்பில் கொஞ்சம் அங்கும் இங்கும் தூவிய எண்கள்தான் பொதுவாக வரும். குண்டின் ஆரத்தை மறந்த ஒருவரின் கை அதில் இருக்காது.

இந்த இடத்தில் எங்கள் கல்லூரிகளின் பழைய வழக்கம் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். சோதனை செய்யும் அன்றே அப்சர்வேஷன் நோட்டில் அளவீடுகளை எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவதும், பிறகு வீட்டில் ரெக்கார்டு நோட்டில் நல்லெழுத்தில் எழுதுவதும் வெறும் சடங்காகவே போய்க்கொண்டிருந்தன. இப்போது பார்த்தால், சொந்த உழைப்புக்கு உள்ள ஒரே வலுவான ஆவணம் அந்தக் கசங்கிய அப்சர்வேஷன் நோட்டுதான். முதல் மாணவியின் நோட்டில் அன்றைய பக்கமே இல்லை.

இனி என் துறை. கணிதத்தில் இளங்கலை மாணவனிடம் நாங்கள் புதுமையை எதிர்பார்ப்பதில்லை. பாடநூல் நிரூபணத்தை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் போடுகிறோம். இரு முனைகளும் அடங்கிய ஒரு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு அங்கே சீரான தொடர்ச்சியும் உடையது என்ற தேற்றத்துக்கு மாணவர் அத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே நிரூபணத்தைத்தான் எழுதுவார்கள். ஒப்புமை எண்பது சதவீதம் வந்தாலும் அது நல்ல செய்திதான். அப்படியானால் இங்கே சொந்தம் எது? ஒவ்வொரு வரியிலிருந்தும் அடுத்த வரிக்கு ஏன் போகலாம் என்பதற்கு எழுதியவன் பொறுப்பேற்பதுதான்.

சீரான தொடர்ச்சி என்றால், சார்பின் மதிப்பு ε-ஐவிடக் குறைவாகவே மாற இரண்டு புள்ளிகள் எவ்வளவு நெருங்கி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் δ, இடைவெளி முழுவதற்கும் ஒன்றே போதும் என்று பொருள். சந்தேகத்துக்கு உள்ளான தாளில் நிரூபணம் இப்படிப் போயிற்று: கொடுக்கப்பட்ட ε-க்கு, ஒவ்வொரு புள்ளி x-க்கும் ஒரு δ கிடைக்கும், அதை δₓ என்போம், இந்த δₓ எல்லாவற்றிலும் சிறியதை δ என்று எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. நடை சுத்தமாக இருந்தது, குறியீடுகள் பிழையில்லாமல் இருந்தன, கடைசியில் நிரூபிக்கப்பட்டது என்ற முத்திரையும் இருந்தது. ஆனால் புள்ளிகள் எண்ணற்றவை. எண்ணற்ற நேர் எண்களில் சிறியது என்று ஒன்று இருக்க வேண்டிய கட்டாயமில்லை, அவை சுழியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகலாம். செயலிகள் தரும் நிரூபணங்களில் நான் காணும் ஓட்டைகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. சறுக்குகிற வரியும் மற்ற வரிகளைப் போலவே உறுதியான குரலில் பேசும். திணறும் மாணவன் அந்த இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பான், இல்லையென்றால் ‘தெளிவாக’ என்று எழுதி நழுவியிருப்பான்.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது: தேற்றம் கொடுத்த நிபந்தனை எந்த வரியில் பயன்பட்டிருக்கிறது என்று தேடுவேன். இந்த நிரூபணத்தில் இடைவெளி மூடியது என்ற செய்தி ஓர் இடத்திலும் வேலை செய்யவில்லை. அப்படியானால் இதே நிரூபணம் மூடாத இடைவெளிக்கும் பொருந்த வேண்டும். அங்கே தேற்றமே பொய். மாணவனைக் கரும்பலகைக்கு வரச் சொல்லி, (0, 1] இடைவெளியில் 1/x என்ற சார்பை எடுத்துக்கொண்டு ε = 1 என்று வைத்துத் தன் நிரூபணத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். x = 0.1 என்ற புள்ளியில் δ அதிகபட்சம் 0.009 அளவில் வந்தது; x = 0.01-இல் 0.0001-க்கும் சற்றுக் குறைந்தது. அதோடு கை நின்றது.

“இன்னும் உள்ள போனா இன்னும் சின்னதாயிட்டே போகுது சார்.”

“அப்போ எல்லாத்துலயும் சின்னது எதுப்பா?”

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்படி ஒண்ணு இல்ல சார்” என்றான். பிறகு, மூடிய இடைவெளியில் மட்டும் அது எப்படிச் சரியாகிறது என்று தானாகவே கேட்டான். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி δₓ-இன் பாதி அளவில் ஒரு சிறு இடைவெளி வைத்தால், மூடிய இடைவெளி கச்சிதத்தன்மை உடையது என்பதால் அவற்றுள் எண்ணி முடிக்கக்கூடிய சிலவே முழுவதையும் மூடிவிடும். எண்ணி முடிக்கக்கூடிய நேர் எண்களில் சிறியது என்று ஒன்று உண்டு, அதுவும் சுழியத்தைவிடப் பெரியது. இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்து, தேர்வில் இதை இனி மறக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒப்படைவுக்கு அவன் பெற்ற மதிப்பெண் குறைவுதான். ஆனால் நிரூபணம் தவறு என்பதற்காகக் குறைத்தோமே தவிர, யார் எழுதிக் கொடுத்தது என்பதற்காக அல்ல. இதே தாள் சரியான நிரூபணமாக இருந்து, அவனும் பலகையில் 1/x-க்கு அது எங்கே நின்றுவிடும் என்று சொல்லியிருந்தால், சொற்கள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

வரலாற்றுப் பேராசிரியருக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. அவருடைய துறையில் தகவல்கள்தான் எல்லாருக்கும் பொது. கேள்வியும், சான்றுகளை வரிசைப்படுத்தும் முறையும், அவற்றிலிருந்து எட்டும் முடிவும் எழுதுகிறவருக்கே உரியவை. இன்னொருவர் வாதத்தை முழுக்க முழுக்கத் தன் சொற்களில் எழுதினாலும், அவர் பெயரைச் சொல்லாவிட்டால் வரலாற்றில் அது திருட்டு. இயற்பியல் செய்முறைக்கு இப்படி ஒரு விதி போட்டால் கேலிக்கூத்தாகிவிடும்.

அவர் எங்கள் முன் வைத்தது 1908 மார்ச் 13 அன்று நடந்த திருநெல்வேலி எழுச்சி பற்றிய கட்டுரை. முந்தைய நாள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைத் தொடர்ந்து நகரம் கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். கட்டுரை இதையெல்லாம் சொன்னது. அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம், சமூகக் காரணம் என்று மூன்றையும் சம அளவில் பத்தி பிரித்து, மூன்றும் சேர்ந்தே எழுச்சிக்கு வித்திட்டன என்று முடித்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஆஷ் என்றும் எழுதியிருந்தது. 1908-இல் மாவட்ட ஆட்சியர் விஞ்ச். ஆஷ் அப்போது தூத்துக்குடியில் துணை ஆட்சியர். பின்னாளில் ஆட்சியராகி, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டவர் அவர். இந்தத் தவறைச் செயலி எழுதியதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். நம் ஊர் மேடைப் பேச்சாளர்களே இதைச் சொல்வார்கள். மாணவனும் அங்கிருந்து கேட்டு எழுதியிருக்கலாம்.

அவரை உறுத்தியது வேறு. மூன்று காரணங்களும் சமம் என்று சொல்வதற்கு எந்தச் சான்றையும் படிக்கத் தேவையில்லை. எந்த எழுச்சியைப் பற்றியும் அதை எழுதலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாணவியின் கட்டுரையைக் காட்டினார். வாக்கியங்கள் தடுமாறின, ஒற்றுப்பிழைகள் ஏராளம். ஆனால் அவள் ஒரு கேள்வியைப் பிடித்திருந்தாள்: பிப்ரவரி 27-இல் தொடங்கி மார்ச் முதல் வாரம்வரை நீடித்த கோரல் ஆலை வேலைநிறுத்தம் நடந்தது தூத்துக்குடியில், திருநெல்வேலி நகரில் எழுந்த கூட்டம் ஆலைத் தொழிலாளர் கூட்டமல்ல என்றால், அவர்கள் ஏன் நகராட்சியையும் அஞ்சல் நிலையத்தையும் தேடிப் போனார்கள்? தாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலையே சான்றாக வைத்து, மக்களின் கோபம் அரசின் அன்றாட முகங்களை நோக்கியே இருந்தது என்று அவள் வாதிட்டிருந்தாள். 1917-இல் எச்.ஆர். பேட் தொகுத்த மாவட்ட கெசட்டியரை, அது அரசு அதிகாரி ஒருவரின் நூல் என்பதைச் சொல்லியே பயன்படுத்தியிருந்தாள். முடிவு சரியா என்பதில் பேராசிரியருக்கே ஐயம் இருந்தது. ஆனாலும் அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். கணிதத்தில் தவறான முடிவுக்கு இப்படி மதிப்பெண் போட எனக்கு மனம் வராது. வரலாற்றில் அது நியாயம் என்று எனக்கும் பட்டது.

முதல் கட்டுரையை எழுதிய மாணவனிடம், மூன்று காரணங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எதை வைப்பாய், மற்ற இரண்டையும் எந்தச் சான்றைக் கொண்டு தள்ளுவாய் என்று கேட்டார்கள். அவனால் ஒரு சான்றையும் சொல்ல முடியவில்லை. செயலியில் எழுதியதாக அவன் ஒப்புக்கொள்ளவுமில்லை, நாங்கள் வற்புறுத்தவுமில்லை. வாதம் இல்லாத கட்டுரை என்ற அடிப்படையிலேயே மதிப்பெண் இடப்பட்டது.

பத்து சதவீத விதி இப்போது எங்கள் குழுவில் இல்லை. இயற்பியலில் பதிவேட்டோடு அப்சர்வேஷன் நோட்டும் வர வேண்டும். அதில் கையெழுத்து இல்லையென்றால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கணிதத்தில் சந்தேகம் வந்தால் பலகையில் ஐந்து நிமிடம், நிபந்தனை ஒன்றை நீக்கிவிட்டு எந்த வரி உடைகிறது என்ற ஒரே கேள்வி. வரலாற்றில், கட்டுரைக்கு முன்பே தன் கேள்வியையும் அதற்குத் தேடிய சான்றுகளையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், எந்த நூலின் எந்தப் பக்கம் என்பது உட்பட.

இன்னும் தீராத ஓர் இடம் உண்டு. ஆய்வகப் பதிவேட்டின் கடைசியில் வரும் பிழைகள் பற்றிய கலந்துரைப் பகுதி பாதி இயற்பியல், பாதி வரலாற்றுக் கட்டுரை மாதிரி. காற்றின் தடை, கயிற்றின் நீட்சி, எதிர்வினை நேரம் என்று எந்தச் சோதனைக்கும் பொருந்தும் பட்டியலைச் செயலி நொடியில் கொடுத்துவிடும். மாணவர்களும் பல ஆண்டுகளாக அதைத்தான் எழுதிவருகிறார்கள். அதற்குப் பதிலாக ‘உன் அட்டவணையில் எந்த எண் உனக்கு உறுத்துகிறது, ஏன்?’ என்று கேட்கலாம் என்பது மேடத்தின் எண்ணம். நாற்பது நோட்டுகளையும் அப்படிப் படித்துத் திருத்த யாருக்கு நேரம் இருக்கிறது என்பது மற்றவர்களின் கேள்வி. அடுத்த பருவத்தில் ஒரு பிரிவுக்கு மட்டும் செய்து பார்க்க முடிவாகியிருக்கிறது.